நாளுக்கு ஒரு பக்கம்: டால்ஸ்டாய் திரும்பத் திரும்பக் கட்டிய நூல்

1903 ஜனவரி. யாஸ்னயா போல்யானா பண்ணை வீட்டில் லியோ டால்ஸ்டாய் கடும் நோயில் படுத்திருந்தார். வயது 74. உட்கார்ந்து எழுத உடம்பு இடம் கொடுக்கவில்லை. படுக்கையறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கிற வகை. நம் வீடுகளில் ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே ஒரு பொன்மொழியும் அச்சிட்டிருப்பார்களே, ஏறக்குறைய அதுபோல. அந்தத் தாள்களில் இருந்த வாசகங்களைத்தான் அவர் தினமும் படித்துக்கொண்டிருந்தார். முந்தைய ஆண்டின் தாள்கள் தீர்ந்துபோயின. வேறு காலண்டர் கையில் இல்லை. சரி, நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று தொடங்கினார்.

அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே புத்தகம் வந்துவிட்டது. ‘ஒவ்வொரு நாளுக்கும் ஞானிகளின் சிந்தனைகள்’ என்பது அதன் பெயர். மலிவு விலையில் நல்ல நூல்களைப் பொதுமக்களுக்குக் கொண்டு சேர்க்க டால்ஸ்டாயும் அவருடைய நண்பர் செர்த்கோவும் தொடங்கியிருந்த பஸ்ரேத்னிக் பதிப்பகம் அதை வெளியிட்டது. ஆசை பழையது. 1884 மார்ச்சில் எழுதிய நாட்குறிப்பிலேயே எபிக்டெட்டஸ், மார்க்கஸ் அரேலியஸ், லாவோட்சு, புத்தர், பாஸ்கல், விவிலியம் எல்லாவற்றையும் சேர்த்துத் தனக்கென ஒரு ‘வாசிப்பு வட்டம்’ தொகுக்க வேண்டும், அது எல்லோருக்குமே தேவை என்று குறித்து வைத்திருந்தார். கிட்டத்தட்ட இருபது வருடம் அது நாட்குறிப்பிலேயே கிடந்தது.

ஆண்டு முழுவதும் தினம் ஒரு பக்கம் படிக்கும்படி ஒரு சிந்தனை நூல் எழுத நினைக்கிறவர்கள் அதிகம். ஆசிரியர்கள், மருத்துவர்கள், சபை நடத்துகிறவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று பலருக்கும் அந்த ஆசை இருக்கிறது. கையில் குறிப்புகளும் இருக்கும். சிறு சிறு பக்கங்கள்தானே, நாவலை விடச் சுலபம் என்று தோன்றும். டால்ஸ்டாயின் கதை அப்படிச் சொல்லவில்லை. 1903க்கும் 1910க்கும் இடையில் அவர் இந்த ஒரே நூலை நான்கு வடிவங்களில் கட்டினார். ஒவ்வொரு முறையும் மாறியது பெரும்பாலும் சிந்தனைகள் அல்ல, அவை வாசகரை வந்தடையும் வரிசை. இந்த வகை நூலில் உண்மையான எழுத்து வேலை அந்த வரிசையில்தான் இருக்கிறது.

முதல் நூலில் ஒரு தேதிக்குக் கீழே சில மேற்கோள்கள் இருக்கும், அவ்வளவுதான். படித்தால் நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று பொறுமையைப் பேசும், அடுத்தது கடவுளைப் பேசும், மூன்றாவது வேறெதையோ பேசும். காலையில் படித்தவர் மத்தியானம் நினைத்துப் பார்த்தால் எது தங்கியிருக்கும்? நாளுக்கு ஒரு பக்கம் என்ற வடிவத்தில் வாசகர் தருவது இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் ஒரே ஒரு பொருளைத்தான் அவர் கையில் வைத்துவிட்டு வர முடியும்.

அடுத்த நூலில் டால்ஸ்டாய் இதைச் சரிசெய்தார். 1904இல் தொடங்கி 1906இல் வெளிவந்த ‘வாசிப்பு வட்டம்’ அது. இங்கே ஒரு நாளுக்கு ஒரு பொருள். தொடக்கத்தில் அந்தப் பொருளைச் சொல்லும் ஒரு சிந்தனை. நடுவில் பல நாடுகளின், பல காலங்களின் குரல்கள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு சிந்தனை. பெயர் போடாத சிந்தனைகள் பலவும் டால்ஸ்டாயுடையவை.

ஜனவரி 1ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். வருடத்தின் வாசல். புதிய தொடக்கம், புது நம்பிக்கை என்று எழுதத்தான் யாருக்கும் கை போகும். டால்ஸ்டாய் அந்தப் பக்கத்தை வாசிப்புக்குக் கொடுத்தார். எதைப் படிப்பது, எதை விடுவது என்பதுதான் அன்றைய பொருள். பயனற்ற பலவற்றை அறிவதைவிட நல்லதும் தேவையானதுமான சிலவற்றை அறிவது மேல் என்ற கருத்தோடு பக்கம் திறக்கிறது. அதன் கீழே எமர்சன், தோரோ, ஷோபன்ஹவர் போன்றவர்கள் வந்து ஆளுக்கொரு பக்கத்திலிருந்து அதையே தொடுகிறார்கள். ஒருவர் சிறிய நூலகத்தின் மதிப்பைப் பேசுகிறார். ஒருவர் நல்ல நூல்களை முதலில் படிக்கச் சொல்கிறார். ஒருவர் மோசமான நூல்கள் தின்றுவிடும் நேரத்தைப் பற்றி எச்சரிக்கிறார். ஒரே கருத்தை மூன்று பேர் திருப்பிச் சொல்வதாக இது தோன்றாது. ஒவ்வொருவரும் ஓரடி நகர்த்துகிறார்கள். இப்படி நகராத மேற்கோளைத் தூக்கிவிட்டால் பக்கத்துக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஒரு மேற்கோள் பக்கத்தில் இருக்கலாமா கூடாதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

இன்னொன்றும் செய்தார். தினம் குட்டிக் குட்டிப் பக்கங்களாகவே போனால் மனம் சலித்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றாகக் கொஞ்சம் நீண்ட வாசிப்பு ஒன்றைச் சேர்த்தார்: கதை, கட்டுரை, ஒருவருடைய வாழ்க்கை. செகாவின் ‘டார்லிங்’ கதையைத் தன் பின்னுரையோடு அதில் வைத்தார். இதற்கென்றே தானும் கதைகள் எழுதினார். ‘கோர்னி வசீலியெவ்’ அவற்றில் ஒன்று. ஆறு நாள் சிந்தனைக்குப் பிறகு ஒரு மனிதனுடைய கதை வரும்போது, அந்தச் சிந்தனைகளுக்குக் கைகால் முளைக்கிறது. இன்றைக்கு வருகிற தினசரி சிந்தனை நூல்கள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிட்டன. இழப்புதான்.

மேற்கோள்களை அவர் கையாண்ட விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதை அவரே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். பல நூலாசிரியர்களை மூலமொழியில் படிக்காமல் ஜெர்மன், ஆங்கில மொழிபெயர்ப்புகளிலிருந்து எடுத்தார். சில இடங்களில் சுருக்கினார், சில சொற்களை மாற்றினார், தெளிவுக்காகச் சிலவற்றைச் சேர்த்தார். இந்த நூலை வேறு மொழிக்குக் கொண்டுபோகிறவர்கள் மூலத்தைத் தேடிப் போக வேண்டாம், என் வாசகத்திலிருந்தே மொழிபெயர்த்துவிடலாம் என்றும் எழுதினார். அவருடைய நோக்கம் வாசகருக்குப் பயன்படுவது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் எமர்சன் எழுதிய ஒரு வரி ரஷ்ய மொழிக்குப் போய், டால்ஸ்டாயின் கைபட்டு, மறுபடி ஆங்கிலத்துக்கு வந்தால், அது எமர்சன் எழுதாத வரியாகிவிடும். அதன் கீழே எமர்சன் பெயர் மட்டும் இருக்கும்.

இன்று எழுதுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, இருக்கவும் கூடாது. 366 பக்கத்துக்கும் மேற்கோள் வைக்க நினைத்தால் 366 முறை மூலநூலைத் திறந்து பார்க்க வேண்டிவரும். காந்தி, ஐன்ஸ்டைன், புத்தர் பெயர்களில் ஊர் சுற்றும் வாசகங்களில் பல அவர்கள் எழுதியவற்றில் தேடினால் கிடைப்பதில்லை. உரிமைப் பிரச்சினை தனி. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அதற்குள் இருப்பவர்களுடைய வரிகளை ஆண்டு முழுவதும் பக்கத் தலைப்பாகப் பயன்படுத்த எண்ணினால், உரிமையாளர்களிடம் அனுமதி வாங்குவதே ஒரு வருட வேலையாகிவிடும். குறளையோ ஆத்திசூடியையோ எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. டால்ஸ்டாயும் குறளை அறிந்தவர்தான். 1908இல் தாரக்நாத் தாஸுக்கு அவர் எழுதிய ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ இன்னா செய்யாமை அதிகாரத்துக் குறள்களை எடுத்தாள்கிறது.

‘வாசிப்பு வட்டம்’ வந்த பிறகு அதை டால்ஸ்டாய் தானே தினமும் படித்தார், வீட்டாருக்கும் வந்தவர்களுக்கும் படித்துக் காட்டினார். நூலை எழுதியவரே அதன் வாசகராகவும் வருடத்தைக் கடந்தபோது குறைகள் தெரிந்திருக்கின்றன. அடுத்த வடிவத்தைத் தொடங்கிவிட்டார். ‘ஒவ்வொரு நாளுக்கும்’ என்ற அந்த மூன்றாவது நூல் 1909இலிருந்து வெளிவரத் தொடங்கியது. இதில் அமைப்பே மாறியது. நம்பிக்கை, ஆன்மா, கடவுள், அன்பு, கோபம், கர்வம், மரணம் என்று ஏறக்குறைய முப்பது பொருள்கள். அவை ஒரு மாதத்துக்குள் வரிசையாக வரும். அடுத்த மாதம் அதே வரிசை மறுபடி தொடங்கும்.

எளிய ஏற்பாடாகத் தெரியும் இது, எழுதுகிறவருடைய வேலையைத் தலைகீழாக்கிவிடுகிறது. முன்பு 366 பொருள்கள் தேட வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய சிந்தனையாளருக்கும் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல 366 பொருள் இருக்காது. மார்ச் மாதமே பொருள் தீர்ந்து, ஜனவரியில் சொன்னது வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். முப்பது பொருள், பன்னிரண்டு மாதம் என்று ஒரு கட்டம் போட்டுவிட்டால், திரும்ப வருவது நூலின் அமைப்பாகவே ஆகிவிடுகிறது. வாசகருக்கும் நல்லது. பிப்ரவரியில் கோபத்தைப் பற்றிப் படித்தபோது எட்டாதது, ஒரு மாதம் கழித்து வீட்டில் ஒரு சண்டை நடந்த பிறகு எட்டலாம்.

ஆனால் எழுதுகிறவர் இப்போது கோபத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று வேறான பன்னிரண்டு பக்கம் எழுதியாக வேண்டும். அங்கேதான் வேலை. அனுபவம் உள்ளவர்கள் பக்கத்தை எழுதத் தொடங்குவதற்கு முன்பே பன்னிரண்டு வரி எழுதிக்கொள்வார்கள்; ஒவ்வொரு வரியும் ஒரு பக்கம் சொல்லப்போகிற ஒரே ஒரு சங்கதி. உதாரணத்துக்கு இப்படிப் போகலாம்: நினைப்புக்கு முன்னாலேயே குரல் உயர்ந்துவிடுகிறது, கோபத்தை உடம்பு முதலில் அறிகிறது. மேலதிகாரியிடம் வராத கோபம் வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் வருகிறது. கத்தாமல், பேசாமல், வாரக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டிருக்கும் கோபமும் கோபம்தான். செத்துப்போனவர் மேல் இன்னும் இருக்கிற கோபத்தை யாரிடம் கொண்டுபோய்த் தீர்ப்பது. ராத்திரி எழுதிய பதிலைக் காலையில் அனுப்பலாமா. அடுத்தவருக்கு இழைத்த அநீதியைக் கண்டு வரும் கோபத்தை அடக்கத்தான் வேண்டுமா. பெற்றோரின் கோபத்தைக் குழந்தை எப்படிப் படிக்கிறது. மன்னிப்புக் கேட்கும்போது “ஆனாலும் நீ” என்று சேர்த்துவிடுகிற பழக்கம்.

இதோ எட்டு வந்துவிட்டது. ஒன்பதாவது வரி வரும்போது அது இரண்டாவது வரியின் மறுபதிப்பாக இருந்தால், நிறுத்திவிட வேண்டியதுதான். அந்தப் பொருளில் அவருக்குச் சொல்ல எட்டுதான் இருக்கிறது. மிச்சம் நான்கு கட்டத்தைக் கோபத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற வேறொரு பொருளுக்கு, பொறாமைக்கோ மன்னிப்புக்கோ, கொடுத்துவிடலாம். ஒரு வரியில் எழுதிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் இந்த உண்மை, பக்கங்களாக எழுதினால் நான்கு மாத உழைப்புக்குப் பிறகுதான் தெரியும்.

பக்கங்களின் அச்சும் ஒரே மாதிரி ஆகிவிடும். இது இந்த வகை நூலின் தீராத நோய். ஒரு ராஜா, ஒரு முனிவர், ஒரு கேள்வி, ஒரு பதில், கடைசியில் நீதி. அல்லது ஓர் அன்றாடச் சம்பவம், அதிலிருந்து ஒரு பாடம். தனிப் பக்கமாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. ஐந்தாவது வாரத்தில் வாசகருக்கு முதல் வாக்கியத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. அதன்பின் புத்தகம் மேசையில் இருக்கும், திறக்கப்படாது. எழுதுகிறவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அடுத்தடுத்த முப்பது பக்கங்களின் கடைசி வாக்கியத்தை மட்டும் தனித்தாளில் எழுதி, வாய்விட்டுப் படிக்க வேண்டும். இருபது வாக்கியம் “ஆகவே” என்ற தொனியில் முடிந்தால், திருத்த வேண்டியது அந்த இருபது பக்கங்கள். சில பக்கங்கள் கேள்வியோடு நிற்கலாம். சில ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு விளக்காமலே விலகலாம். சில “இன்று இதைச் செய்து பாருங்கள்” என்று ஒரு சின்ன வேலை கொடுக்கலாம்.

எழுதுகிற வரிசையும் இதில் சம்பந்தப்பட்டது. ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31 வரை தேதி வரிசையிலேயே எழுதினால், எழுத்தாளரின் உற்சாகம் முழுவதும் ஜனவரியிலும் களைப்பு முழுவதும் அக்டோபரிலும் போய்ச் சேரும். தேதி போடாமல் எழுதிக் குவித்து, நன்றாக வந்தவற்றை வருடம் முழுக்கப் பரப்பி, கடைசியில் தேதி கொடுப்பது நல்லது. வாசகர் எந்த மாதத்தில் தளர்கிறாரோ அந்த மாதத்தில்தான் ஆசிரியரின் மிகச் சிறந்த பக்கங்கள் இருக்க வேண்டும்.

தேதியைப் பிறகு கொடுத்ததால் பிழைத்த நூல் என்றால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மிக அதிகம் படிக்கப்பட்ட கிறிஸ்தவத் தினதியான நூல்களில் ஒன்று ‘மை அட்மோஸ்ட் ஃபார் ஹிஸ் ஹையஸ்ட்’. அட்டையில் ஆஸ்வால்ட் சேம்பர்ஸ் பெயர் இருக்கும். அவர் அந்த நூலை எழுதவில்லை. அது வெளிவந்தது 1927இல். அவர் 1917 நவம்பரில் எகிப்தில், குடல்வால் அறுவைக்குப் பின், 43 வயதில் இறந்துவிட்டார். நூலைச் செய்தவர் அவருடைய மனைவி கெர்ட்ரூட், எல்லோரும் பிடி என்று அழைத்தவர். சுருக்கெழுத்தில் அவருக்கு அபாரத் தேர்ச்சி. லண்டன் கிளாப்பம் பகுதியில் கணவர் நடத்திய வேதாகமக் கல்லூரியிலும், முதல் உலகப்போரின்போது எகிப்தின் செய்தூன் முகாமில் படைவீரர்களுக்கு அவர் ஆற்றிய உரைகளிலும் பிடி ஒரு பக்கமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே இருந்தார். கணவர் போன பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, ஆக்ஸ்ஃபோர்டில் மாணவர்களுக்கு விடுதி நடத்திப் பிழைத்துக்கொண்டே, அந்தக் குறிப்பேடுகளிலிருந்து ஆண்டு முழுவதற்குமான பக்கங்களை உருவாக்கினார். முன்னுரைக்குக் கீழே பி.சி. என்ற இரண்டு எழுத்துத் தவிர அவர் பெயர் நூலில் இல்லை.

மேடைப் பேச்சிலிருந்து தினசரிப் பக்கம் எடுப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பேசுகிறவர் ஒரு கருத்தை மூன்று முறை சொல்வார், கேட்கிறவர் காதில் விழ வேண்டுமே. பக்கத்தில் ஒரு முறை போதும். பேச்சில் “முன்பு பார்த்தோமே, அதனால்தான்” என்று வரும். பக்கத்தில் அந்த ‘முன்பு’ இல்லை. ஒரு மணி நேரப் பேச்சின் நடுவில் ஏறி வரும் அந்த உச்சமான இரண்டு நிமிடத்தை எடுத்தால், அதற்கு முன்னால் கட்டிய படிகளெல்லாம் காணாமல் போயிருக்கும். வெறும் உச்சம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஒரு வாக்கியத்தில் ஒரு படி கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பிடி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தலைப்பும் ஒரு வேத வசனமும் வைத்தார். அந்த வசனம்தான் பல பக்கங்களில் அந்தப் படியின் வேலையைச் செய்கிறது.

எந்தத் தினசரி நூலுக்கும் பொருந்தும் கண்டிப்பு இது: எந்தப் பக்கமும் முந்தைய நாளை நம்பி நிற்கக் கூடாது. புத்தகத்தைப் பிறந்தநாள் பரிசாக ஜூன் 17 அன்று ஒருவர் பெறுவார். அன்றே அவருக்கு ஜூன் 17ஆம் பக்கம் முழுதாகப் புரிய வேண்டும். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், விட்டதைப் படித்து முடித்துவிட்டுத்தான் இன்றைய பக்கத்துக்கு வர வேண்டும் என்றால் வரவே மாட்டார். ஒரு வாரம் ஒரே பொருளில் போகலாம், தவறில்லை. ஆனால் வியாழக்கிழமைப் பக்கத்தை எடுத்துத் தனியாக ஒருவர் கையில் கொடுத்தால் அது நிற்க வேண்டும். கொடுத்துப் பார்த்துத்தான் இதை அறிய முடியும். எழுதியவருக்கு ஏழு நாளும் மனதில் இருப்பதால், அவருக்கு ஒருநாளும் தெரியாது.

தமிழ்நாட்டு மண்ணிலேயே பிறந்த இன்னொரு உதாரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951 ஜனவரியில் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்தான் வாழ்க்கை. வெளியே வேலை செய்துகொண்டிருந்த தன் குழுவினருக்கு அங்கிருந்தபடியே சிறு சிறு குறிப்புகள் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் மறைந்த பிறகு, அப்படிப்பட்ட குறிப்புகளிலிருந்து நாள்வாரியாகத் தொகுத்த ‘எட்ஜஸ் ஆஃப் ஹிஸ் வேஸ்’ 1955இல் வந்தது. அந்தக் குறிப்புகள் முகமறியாத பொதுவாசகருக்கு எழுதப்பட்டவை அல்ல. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு களைத்துப்போனவர்கள், தினமும் பார்த்துப் பழகியவர்கள்தான் அவற்றின் வாசகர்கள். தினசரி நூல் எழுதுகிறவர் மனதில் இப்படி நாலைந்து பேரையாவது வைத்துக்கொண்டு எழுதினால், ‘மனிதன்’, ‘உலகம்’, ‘வாழ்க்கை’ என்ற பெரிய சொற்கள் பக்கத்திலிருந்து தாமாகவே குறைந்துவிடுகின்றன.

இனி நாள்காட்டி தருகிற தொல்லைகள். 365ஐ ஏழால் வகுத்தால் 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம். அதனால் இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் விழும் தேதி அடுத்த வருடம் திங்களாகிவிடும், லீப் ஆண்டைத் தாண்டினால் செவ்வாய். “இன்று விடுமுறை நாள்” என்று ஒரு தேதிக்குக் கீழே எழுதிவிட்டால் நூல் ஓர் ஆண்டோடு முடிந்தது. பண்டிகைகளும் இப்படித்தான். கிறிஸ்துமஸ் டிசம்பர் 25ஐ விட்டு நகராது. பொங்கல் ஜனவரி நடுவில் ஒரு நாள் முன்பின்னாக வரும். தீபாவளி அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையில் அலையும். ஈஸ்டர் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிவரை எங்கும் வரலாம். ரம்ஜான் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து எல்லா மாதங்களையும் சுற்றிவிடும். நகரும் பண்டிகைகளுக்குத் தேதி கொடுக்காமல், நூலின் கடைசியில் தனிப் பக்கங்களாக வைத்துவிடுவதுதான் நேர்மையான வழி. அன்றைக்கு வாசகர் இரண்டு பக்கம் படித்துக்கொள்ளட்டும். பருவத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: டிசம்பர் மழையைப் பற்றி எழுதினால் சென்னையில் இருப்பவருக்குச் சரி, சிட்னியில் இருக்கும் அவர் மகளுக்கு அது சுட்டெரிக்கும் கோடை.

பிப்ரவரி 29ஐப் பலர் மறந்துவிடுகிறார்கள். 365 பக்கத்தோடும் நிறுத்தலாம். ஆனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கப்படும் பக்கம் என்பது எழுதுகிறவருக்கு ஓர் அரிய வாய்ப்பு. கடந்த முறை இந்தப் பக்கத்தைப் படித்தபோது எங்கே, யாரோடு இருந்தோம் என்று வாசகரைக் கேட்க அந்த ஒரு பக்கத்தால்தான் முடியும்.

அச்சகத்துக்குப் போனால் இன்னொரு கணக்கு காத்திருக்கும். டெமி அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 366 நாளுக்கு 366 பக்கம் என்றால் 23 ஃபாரத்துக்கு 368 பக்கம் வரும். மிச்சம் இரண்டே பக்கம். தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் வைத்தால் அது தீர்ந்துவிடும், முன்னுரைக்கு இடமில்லை. 24 ஃபாரம் எடுத்தால் 384 பக்கம், முன்னும் பின்னும் சேர்த்து 18 பக்கம் கிடைக்கிறது. எழுதத் தொடங்கும்போதே இதைத் தீர்மானித்துக்கொண்டால் ஒரு நாளுக்கான அளவும் தீர்மானமாகிவிடும். அந்த அளவில், தலைப்பும் தேதியும் போக, ஒரு பக்கத்தில் வசதியாக அமர்வது ஏறக்குறைய 200 தமிழ்ச் சொற்கள். மொத்தம் 73,000 சொற்கள், ஒரு நடுத்தர நாவல். ஒரு பக்கம் 230 சொல்லுக்குப் போனால் நாலு வரி அடுத்த பக்கத்தில் வழியும், அதற்குப் பின் வரும் எல்லாத் தேதிகளும் நகரும். எழுத்தைச் சிறிதாக்கி அடைத்தால் காலை வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் படிக்கிற வயதானவர்கள் கைவிட்டுவிடுவார்கள். இத்தகைய நூல்களின் பெருவாரியான வாசகர்கள் அவர்கள்தான். வெட்டத்தான் வேண்டும். பெரும்பாலும் வெட்டுப்படுவது முதல் பத்தி. பொருளுக்குள் நுழைவதற்கு முன் எழுதுகிறவர் தனக்காக எழுதிக்கொண்ட முன்னோட்டம் அது.

அந்த 18 பக்கத்தில் நான்கைந்தைப் பொருளகராதிக்கு ஒதுக்குவது மிக அவசியம். தேதி வரிசையில் இருக்கும் நூல், தேதிப்படி படிப்பவருக்கு மட்டும்தான் பயன்படும். துக்கம் நடந்த வீட்டில் ஒருவருக்கு அன்றைய தேதிப் பக்கம் உதவாது. மரணத்தைப் பற்றிய பக்கங்கள் எங்கே என்று அவர் தேடுவார். டால்ஸ்டாயின் நான்காவது வடிவத்தை இந்தத் தேவையோடு சேர்த்துப் பார்த்தால் நன்றாகப் புரிகிறது. 1910இல் தன் கடைசி மாதங்களில் அவர் தொகுத்த ‘வாழ்க்கைப் பாதை’யில் தேதிகளையே எடுத்துவிட்டார். மூன்றாவது நூலில் மாதாமாதம் வந்த பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு நூலாயின: அன்புக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று, மரணத்துக்கு ஒன்று என முப்பதுக்குச் சற்று அதிகம். மாதம் முழுவதும் நாளுக்கு ஒன்றாகவும் எடுத்துப் படிக்கலாம், வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதோடு இருக்கவும் செய்யலாம். பஸ்ரேத்னிக் அதை முழுமையாக வெளியிட்டது 1911இல், அவர் மறைந்த பிறகு. இந்த நான்கு நூல்களும் அவருடைய 90 தொகுதி முழுப் பதிப்பில் 40 முதல் 45 வரையுள்ள தொகுதிகளாக இருக்கின்றன. தினசரி நூல் எழுத உட்காருகிறவர் ரஷ்ய மொழி அறிந்தவராக இருந்தால், ஒரே சிந்தனை முதல் நூலிலிருந்து நான்காவதுவரை எந்தெந்த இடத்துக்கு மாற்றி வைக்கப்பட்டது என்பதை அங்கே பக்கம் பக்கமாகப் பின்தொடரலாம்.